காயமில்லாமல் வீங்கும் கால்

சர்க்கரை நோய் வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனவர், பாதம் ஏற்கெனவே மதமதத்துப் போனவர், ஒருநாள் காலையில் செருப்பை மாட்டப் பார்க்கிறார். இடது காலுக்கு ஏறுகிற செருப்பு வலது காலுக்கு ஏறவில்லை. குனிந்து பார்த்தால் பாதத்தின் மேற்புறம் வீங்கிச் சிவந்திருக்கிறது. தொட்டால் சுடுகிறது. ஆனால் எங்கும் புண்ணில்லை, கீறல்கூட இல்லை. வலியும் பெரிதாக இல்லை. உள்ளே ஏதோ ஒரு மந்தமான குடைச்சல் மட்டும். ‘எங்கேயோ சுளுக்கியிருக்கும்’ என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்.

அப்படிக் கிளம்பியவர் பாதத்துக்குள் எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அவர் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும் அந்த நொறுங்கலை விரைவுபடுத்துகிறது. வலிக்க வேண்டிய அளவுக்கு வலித்திருந்தால் அவரால் வாசல்படியைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. நரம்பு செத்திருப்பதால் நடக்க முடிகிறது.

மருத்துவர்கள் இதைச் சார்கோ பாதம் என்கிறார்கள். ஜீன்-மார்ட்டின் சார்கோ என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1868இல் பாரிஸில் இந்த மூட்டுச் சிதைவை விவரித்து எழுதினார். அவர் பார்த்தவர்கள் சர்க்கரை நோயாளிகள் அல்லர். மேகநோய் முற்றித் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள். அவர்களுடைய முழங்காலும் இடுப்பும் திடீரென வீங்கி, அதிக வலியில்லாமலே குலைந்துபோயின. 1936இல் வில்லியம் ஜோர்டான் என்ற அமெரிக்க மருத்துவர் இதே சிதைவு சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் வருவதைப் பதிவுசெய்தார். இன்று உலகெங்கும் இந்தச் சிதைவுக்கு முதன்மையான காரணம் சர்க்கரை நோய்தான்.

உள்ளே நடப்பது என்ன?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றில் நடுப்பகுதியில் இருப்பவை சிறியவை; ஒன்றோடொன்று சாய்ந்து, தசைநார்களால் கட்டப்பட்டு, கல் பாலத்தின் வளைவைப்போல உடல் எடையைத் தாங்கி நிற்கின்றன. அந்த வளைவில் ஒரு கல் நகர்ந்தால் பக்கத்துக் கற்களும் இடம் பெயரும். சர்க்கரை நோயில் சார்கோ பாதம் மிக அதிகமாகத் தாக்குவது இந்த நடுப்பாதத்தைத்தான்.

தொடக்கம் பெரும்பாலும் மிகச் சிறியது. படியில் கால் பிசகியது, கல்லில் இடறியது, நெடுநேரம் நின்றது. சிலருக்கு எப்போது நடந்தது என்றே நினைவிருக்காது. அதனால் எலும்புக்குள் ஒரு நுண்ணிய விரிசலோ, தசைநாரில் ஒரு சிறிய கிழிசலோ உண்டாகிறது. உணர்ச்சி சரியாக இருப்பவர் நொண்டுவார், நாலு நாள் காலை ஊன்ற மாட்டார், காயம் ஆறிவிடும். உணர்ச்சி இல்லாதவர் வழக்கம்போல் நடக்கிறார். விரிசல் பெரிதாகிறது.

அடிபட்ட இடத்தில் உடல் அழற்சியை உண்டாக்குவது இயல்பு. ரத்தம் அதிகமாகப் பாய்கிறது, வீங்குகிறது, சுடுகிறது. சேதமான எலும்பை அரித்து அகற்றும் செல்களும் பெருகுகின்றன. ஓய்வு கிடைத்தால் இந்தப் படை வேலையை முடித்துவிட்டு அடங்கிவிடும். சார்கோ பாதத்தில் அது அடங்குவதில்லை. நடை புதிய சேதத்தை உண்டாக்குகிறது, சேதம் அழற்சியைத் தூண்டுகிறது, அழற்சி எலும்பை இளக்குகிறது, இளகிய எலும்பு அடுத்த அடியில் உடைகிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் தன்னியக்க நரம்புகளும் கெட்டிருப்பதால் பாதத்துக்கு ரத்தம் தாராளமாகப் பாய்ந்துகொண்டே இருக்கிறது.

இதனால்தான் சார்கோ பாதத்தில் நாடித்துடிப்பு பொதுவாக நன்றாகவே இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் போவது ரத்த ஓட்டம் குறைவதால் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே ரத்த ஓட்டத்துக்குக் குறைவில்லை. சுடுகிற, சிவந்த, துடிப்புள்ள பாதத்தைப் பார்த்து ‘ரத்த ஓட்டம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நிம்மதியடைவது, நோயின் அடையாளத்தையே நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வதாகும்.

நான்கு கட்டங்கள்

அமெரிக்க எலும்பு மருத்துவர் சிட்னி ஐகன்ஹோல்ட்ஸ் 1966இல் இந்த நோயின் போக்கை எக்ஸ்ரே படங்களை வைத்து மூன்று கட்டங்களாகப் பிரித்தார். அவற்றுக்கு முன்னால் இன்னொரு கட்டம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. அதற்குப் பூச்சியக் கட்டம் என்று பெயர்.

பூச்சியக் கட்டத்தில் பாதம் வீங்கிச் சிவந்து சுடும். எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மட்டும் எலும்பு மஜ்ஜைக்குள் நீர் கோத்திருப்பது தெரியும். நடையை நிறுத்த வேண்டிய நேரம் இதுதான். முதல் கட்டத்தில் எலும்புகள் துண்டுகளாக உடைகின்றன, மூட்டுகள் விலகுகின்றன. எக்ஸ்ரேயில் அது நன்றாகவே தெரியும். இரண்டாம் கட்டத்தில் சூடும் வீக்கமும் குறையும். சிறு துண்டுகளை உடல் உறிஞ்சிக்கொள்ளும், பெரிய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். மூன்றாம் கட்டத்தில் எலும்பு கெட்டிப்படும். பாதம் குளிர்ந்துவிடும், உறுதியாகவும் ஆகிவிடும்.

ஆனால் எந்த வடிவத்தில் உறுதியாகிறது என்பதுதான் கேள்வி. முதல் கட்டத்தில் நடந்துகொண்டே இருந்தவருக்கு உள்வளைவு சரிந்து, உள்ளங்காலின் நடுப்பகுதி கீழ்நோக்கிப் பிதுங்கிவிடும். அந்த வடிவத்திலேயே எலும்புகள் ஒட்டிக் கெட்டியாகிவிடும். குதிகாலும் விரலடியும் தாங்க வேண்டிய எடை, அதற்கென்று தடித்த தோலில்லாத நடுப்பாதத்தில் விழும். அங்கே முதலில் ஆணிபோலத் தோல் தடிக்கும், அடியில் ரத்தம் கட்டும், பிறகு புண்ணாகும். புண் வழியாகக் கிருமி எலும்பு வரை போகும். சார்கோ பாதம் நேரடியாகக் காலை எடுக்க வைப்பது குறைவு. கோணலான பாதமும் அதில் வரும் புண்ணும்தான் பெரும்பாலும் அங்கே கொண்டுபோய் விடுகின்றன.

ஒரு நோயாளியின் பாதை

சர்க்கரை நோய்ப் பாத மருத்துவப் பிரிவுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் விவரங்களை ஒரே ஆளின் கதையாகச் சேர்த்துப் பார்க்கலாம். அவருக்கு 54 வயது, ஜவுளிக்கடையில் விற்பனையாளர். நாள் முழுக்க நிற்கும் வேலை. சர்க்கரை நோய் வந்து பதினான்கு ஆண்டுகள். நாலைந்து வருடமாகவே பாதம் மதமதப்பு. செருப்பு கழன்று போனால்கூடத் தெரியாது.

வீட்டுப் படியில் ஒருநாள் வலது கால் லேசாகப் பிசகுகிறது. மறுநாளும் வேலைக்குப் போகிறார். ஒரு வாரத்தில் பாதம் வீங்குகிறது. அருகிலுள்ள மருத்துவர் சிவப்பையும் சூட்டையும் பார்த்து, தோலுக்கடியில் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார். சர்க்கரை நோயாளியின் காலில் தொற்று வருவது சகஜம் என்பதால் அந்த ஊகம் இயல்பானதுதான். பத்து நாள் மாத்திரை சாப்பிட்டும் வீக்கம் குறையவில்லை. எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ‘எலும்பு நல்லா இருக்கு’ என்கிறார்கள். உறவினர் ஒருவர் நாட்டுக் கட்டு போடும் இடத்துக்கு அழைத்துப்போகலாம் என்கிறார்; இன்னொருவர் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருக்கும் என்கிறார். இந்த மூன்று வாரமும் அவர் கடையில் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

நான்காவது வாரம் பாத மருத்துவப் பிரிவுக்குப் போகிறார். அங்கே முதலில் இரண்டு காலுறைகளையும் கழற்றச் சொல்லி, கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறார்கள். பிறகு அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு பாதங்களிலும் ஒரே இடங்களில் சூட்டைப் பார்க்கிறார்கள். இடது நடுப்பாதத்தில் 29.8 டிகிரி செல்சியஸ். வலதில் 34.1. வித்தியாசம் 4.3 டிகிரி. இரண்டு பாதங்களுக்கும் இடையில் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே உள்ளே அழற்சி நடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து நைலான் இழைச் சோதனை. 10 கிராம் விசையில் வளையும் மெல்லிய இழையை உள்ளங்காலில் பல இடங்களில் அழுத்துகிறார்கள். கண்ணை மூடியிருக்கும் அவருக்கு ஓரிடத்திலும் தெரியவில்லை. பிறகு அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பத்து நிமிடம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு வெகுவாகக் குறைகிறது. கிருமித் தொற்றாக இருந்தால் காலை உயர்த்தியதால் சிவப்பு இப்படி மறைவது அரிது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் இயல்பு, காய்ச்சல் இல்லை, சர்க்கரை அளவும் திடீரென்று எகிறவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, தோலில் புண்ணே இல்லை. பாத எலும்பில் கிருமி புகுவது பெரும்பாலும் புண் வழியாகத்தான். புண்ணே இல்லாத பாதத்தில் அது அபூர்வம்.

இவற்றில் எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. கூட்டிப் பார்த்தால் படம் தெளிவாகிறது: உணர்ச்சியற்ற பாதம், புண்ணில்லாத வீக்கம், நல்ல நாடித்துடிப்பு, 4 டிகிரி வித்தியாசம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இரண்டாவது விரலின் நீள எலும்பு அடிப்பகுதியிலும் அதை ஒட்டிய சிறு எலும்புகளிலும் நீர் கோத்திருக்கிறது. மெல்லிய விரிசலும் தெரிகிறது. மூட்டு இன்னும் விலகவில்லை.

மருத்துவர்கள் ஸ்கேன் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. சந்தேகம் வந்த அன்றே மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். சர்வதேச நீரிழிவுப் பாதக் குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: சோதனைகள் முடியும்வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்தவுடனே பாதத்தின் சுமையைக் குறைக்கத் தொடங்க வேண்டும்.

வேலூரிலிருந்து போன மாவுக்கட்டு

இதற்குப் போடப்படுவது எலும்பு முறிவுக்குப் போடும் சாதாரண மாவுக்கட்டு அல்ல. இதற்கு முழுத்தொடு மாவுக்கட்டு என்று பெயர் வைக்கலாம். பாதத்தின் அடிப்பகுதி முழுவதும் கட்டின் உட்சுவரைத் தொட்டபடி இருக்கும்.

இதன் வரலாறு இந்தியாவோடும் இலங்கையோடும் பிணைந்தது. 1930களிலேயே இவ்விரு நாடுகளிலும் தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு, நடமாட விட்டுக்கொண்டே ஆற்றிப் பார்த்தார்கள். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் தாமாக அழுகி விழுவதாகவே அப்போது பலரும் நம்பினார்கள். சதையில் கோளாறில்லை, உணர்ச்சி இல்லாததால் தெரியாமல் படும் அடிதான் காரணம் என்று அவர் காட்டினார். அடியிலிருந்து பாதுகாத்தால் அந்தப் பாதங்கள் மற்றவர்களுடையதைப்போலவே ஆறின. 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த அனுபவம் முழுவதையும் எடுத்துச்சென்றார். அங்கிருந்துதான் முழுத்தொடு மாவுக்கட்டு சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குப் பரவியது. தொழுநோயிலும் சர்க்கரை நோயிலும் பாதத்துக்கு வரும் கேட்டின் மூலம் ஒன்றே: வலி தெரியாமை.

ஜவுளிக்கடைக்காரருக்குக் கட்டு போடும் விதம் இப்படி. அவரைக் குப்புறப் படுக்க வைத்து முழங்காலை மடக்கச் செய்கிறார்கள். உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருக்கும், கணுக்கால் நேர்க்கோணத்தில் நிற்கும். விரல்களுக்கிடையில் பஞ்சு வைத்து, காலுக்கு மெல்லிய துணிக்குழாய் ஒன்றை மாட்டுகிறார்கள். முன்னங்கால் எலும்பு, கணுக்கால் முட்டிகள் போன்ற துருத்திய இடங்களில் மட்டும் பஞ்சுப் பட்டை வைக்கிறார்கள். விரல்களை மென்மையான நுரைப்பட்டையால் மூடுகிறார்கள். பஞ்சு அதிகமாகக் கூடாது. நாள்பட நாள்பட அது அமுங்கி இடம் கொடுக்கும், கால் உள்ளே ஆடும், ஆடினால் உரசும். அதன்மேல் மாவுப்பட்டையைச் சுற்றி, உள்ளங்கால் வளைவுகளில் உள்ளங்கையாலேயே அழுத்தி உருவாக்குகிறார்கள். விரல் நுனியால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி உள்ளே தோலைப் புண்ணாக்கிவிடும். கடைசியாகக் கண்ணாடியிழைப் பட்டையைச் சுற்றி, அடியில் நடப்பதற்கான அடித்தட்டைப் பொருத்துகிறார்கள். கட்டு முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிகிறது.

இந்தக் கட்டு இரண்டு வேலை செய்கிறது. எடையை உள்ளங்கால் முழுவதற்கும் பரப்புகிறது. எடையில் ஒரு கணிசமான பங்கைக் கட்டின் சுவர் வழியாகக் கெண்டைக்காலுக்கு மாற்றுகிறது. கணுக்கால் அசையாததால் நடுப்பாதம் வளைந்து நொறுங்கும் விசையும் குறைகிறது.

ஏன் கழற்ற முடியாத கட்டு?

கழற்றி மாட்டக்கூடிய காலணிகளும் இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழ் வரை பூட்ஸ்போல உயர்ந்திருக்கும். விலையும் கூடுதல், வசதியும் கூடுதல். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பாதப்புண் உள்ளவர்களின் இடுப்பிலும் காலணியிலும் அடியெண்ணும் கருவிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். அவர்கள் நடந்த மொத்த அடிகளில் 28 சதவீதம் மட்டுமே அந்தக் காலணியோடு நடந்தவை. வெளியே போகும்போது போட்டுக்கொள்கிறார்கள், வீட்டுக்குள் கழற்றிவிடுகிறார்கள். இரவில் கழிவறைக்குப் போகும் பத்தடியும், சமையலறைக்குப் போகும் இருபதடியும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. இளகிய எலும்புக்கு அந்த அடிகளும் அடிகள்தான். அதனால் கழற்ற முடியாத கட்டுதான் முதல் தேர்வு. அது கிடைக்காத இடத்தில், உயரமான காலணியின் மேல் கட்டுப்பட்டையைச் சுற்றிக் கழற்ற முடியாதபடி செய்துவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ரத்த ஓட்டம் மிகக் குறைந்த காலுக்கும், சீழ் பிடித்த அல்லது எலும்பில் தொற்றுள்ள பாதத்துக்கும் மூடிய கட்டுப் போடக் கூடாது. தள்ளாடுபவர்களும் கண்பார்வை மங்கியவர்களும் கட்டோடு விழும் அபாயம் உண்டு. அவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

முதல் கட்டு அவருக்கு நான்கு நாளில் மாற்றப்பட்டது. நடை குறைந்ததும் வீக்கம் வேகமாக வடியும், கட்டு தளர்ந்துவிடும் என்பதுதான் காரணம். தளர்ந்த கட்டுக்குள் கால் ஏறி இறங்கினால் கணுக்காலில் தோல் உரியும்; உரிவதும் அவருக்குத் தெரியாது. அடுத்து வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று கட்டு மாற்றப்பட்டது. கட்டின் உயரத்துக்கு ஈடாக இடது செருப்பின் அடியையும் உயர்த்தினார்கள். இதைச் செய்யாவிட்டால் இடுப்பும் முதுகும் வலிக்கும். நல்ல காலில் எடை கூடுதலாக விழும். அந்தக் காலும் உணர்ச்சியற்றதுதான். ஒரு பாதத்துக்குக் கட்டுப் போட்டிருக்கும்போது மறு பாதத்தில் சார்கோ தொடங்குவது நடக்காத காரியம் அல்ல. ஆகவே ஊன்றுகோலையும் கொடுத்து, அவசியத்துக்கு மட்டும் நடக்கச் சொன்னார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவற்றை அவர் மனைவியிடமும் சேர்த்தே சொன்னார்கள். கட்டு நனையக் கூடாது. அரித்தால் குச்சியோ ஊசியோ உள்ளே விடக் கூடாது. கட்டிலிருந்து துர்நாற்றம், கட்டின்மேல் கறை, திடீர்த் தளர்வு, விரல்கள் நீலம் பாய்தல், காய்ச்சல், காரணமில்லாமல் எகிறும் சர்க்கரை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே வர வேண்டும். கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, ரத்தம் உறைந்திருக்கலாம். வலதுகாலில் கட்டு இருக்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

எப்போது கட்டை எடுப்பது?

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஆறு வாரத்தில் எலும்பு ஒட்டிவிடும் என்பது சாதாரண முறிவுக்கான கணக்கு. சார்கோ பாதத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம் சாதாரணமாக ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். நாட்காட்டியைப் பார்த்துக் கட்டை எடுக்க முடியாது. பாதத்தின் சூடு, வீக்கம், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் மூன்றும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

அவருக்கு ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் இரண்டு பாதங்களின் சூட்டையும் எழுதிவைத்தார்கள். முதல் மாத முடிவில் வித்தியாசம் 3.1 டிகிரி. பத்தாவது வாரம் 2.4. வீக்கம் வடிந்திருந்தது, வலியும் இல்லை, அவர் கட்டை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். ஜவுளிக்கடைக்குத் தீபாவளி வியாபாரக் காலம். மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நான்காவது மாதம் 1.3 டிகிரிக்கு வந்தது. அடுத்தடுத்த வருகைகளிலும் அதே அளவில் நின்றது. எலும்பு ஒட்டியிருப்பதை ஸ்கேன் உறுதிசெய்தது. ஐந்தாவது மாதத் தொடக்கத்தில் கட்டு எடுக்கப்பட்டது.

எடுத்த அன்றே செருப்பு மாட்டி நடந்துவிட முடியாது. முதலில் கெட்டியான உயரக் காலணி; வீட்டுக்குள் கொஞ்ச நேரம், பிறகு வாசல் வரை, பிறகு தெருமுனை வரை என்று மெல்ல மெல்ல நடை கூட்டப்பட்டது. தினமும் இரவு இரண்டு பாதங்களிலும் சூடு பார்க்கச் சொன்னார்கள். வித்தியாசம் மறுபடி 2 டிகிரியைத் தாண்டி நின்றால் நடையை நிறுத்திவிட்டுத் திரும்பி வர வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியே இதற்குப் பயன்படும். ஆனால் உடல் சூடு பார்க்கும் முறையில் வைத்தால் பல கருவிகள் பாதத்தில் Lo என்றே காட்டும், பாதம் அவ்வளவு குளிர்ந்திருப்பதால். பொருள்களின் மேற்பரப்புச் சூடு பார்க்கும் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எலும்பைக் கெட்டிப்படுத்தும் மாத்திரை, ஊசிகள் இந்த நோயை விரைவில் அடக்கும் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். ஆய்வுகளில் அந்தப் பயன் நிரூபிக்கப்படவில்லை. 2023 வழிகாட்டுதல் அவற்றைப் பரிந்துரைக்கவில்லை. இன்றும் உறுதியான மருந்து பாதத்தின் சுமையைக் குறைப்பதுதான்.

வடிவம் கெட்டுவிட்டால்

எல்லோரும் நான்காவது வாரத்தில் பாத மருத்துவரிடம் போய்ச் சேர்வதில்லை. வளைவு சரிந்து, உள்ளங்கால் பிதுங்கிய நிலையில் வருபவர்கள் அதிகம். அப்போதும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் குறிக்கோள் மாறிவிடும். பழைய பாதத்தை மீட்பது அல்ல, புண் வராமல் நடக்கக்கூடிய பாதத்தைக் காப்பதே இனி நோக்கம்.

பாதத்தை அளவெடுத்து, பிதுங்கிய இடத்துக்குக் குழிவு விட்டு, மெல்லிய ரப்பர் அல்லது நுரை அடித்தளம் வைத்துக் காலணி செய்ய வேண்டும். தொழுநோய் மருத்துவமனைகளில் பழக்கமான எம்.சி.ஆர். செருப்பின் நுண்துளை ரப்பர் இதற்கு நன்றாக உதவும். மேலே மென்மையாகவும் அடியில் கெட்டியாகவும், முன்பக்கம் சற்று வளைந்து உருளும்படியும் அடித்தளம் இருந்தால் நடுப்பாதத்துக்கு வளைவு விசை குறையும். குதிகாலுக்குப் பின்பட்டை இருக்க வேண்டும். பெருவிரலை நுழைக்கும் சாதாரணச் செருப்பு கூடாது. அதைக் காலோடு பிடித்து வைக்க விரல்கள் இறுக வேண்டியிருக்கும், கழன்றாலும் தெரியாது.

காலணியால் சமாளிக்க முடியாதபோது அறுவை சிகிச்சை. துருத்தி நின்று புண்ணாக்கும் எலும்பு முடிச்சைச் செதுக்கி எடுப்பார்கள். இறுகிப்போன குதிகால் நரம்பு பாதத்தின் முன்பகுதியைக் கீழே தள்ளி நடுப்பாதத்தை வளைக்கிறது என்றால் அதை நீட்டிவிடுவார்கள். பாதமே தள்ளாடினால் கம்பி, ஆணிகளால் மூட்டுகளை இணைத்துவிடுவார்கள். எலும்பு இளகியிருப்பதால் ஆணி நிற்காமல் போவதும், தொற்று ஏற்படுவதும் இங்கே சாதாரண எலும்பு அறுவையைவிட அதிகம். அதனால் சுடுகிற பாதத்தில் கத்தி வைக்கப் பெரும்பாலும் அவசரப்படுவதில்லை. முதலில் கட்டுப் போட்டு ஆற விடுகிறார்கள்.

தடுக்க முடியுமா?

சார்கோ யாருக்கு வரும் என்று முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் உணர்ச்சி இழந்த பாதம் இல்லாமல் சர்க்கரை நோயாளிக்கு அது வருவதில்லை. எனவே முதல் வேலை, தன் பாதம் உணர்ச்சி இழந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வது. ஆண்டுக்கு ஒருமுறை நைலான் இழையாலும் அதிர்வுக் கவையாலும் சோதித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சோதனையில் தேறாதவர், மதமதப்பையே உணராதவராக இருந்தாலும், அபாயப் பட்டியலில் இருப்பவர்தான். நீண்ட காலச் சர்க்கரை நோய், சிறுநீரக மாற்று அறுவை, பாதத்தில் அண்மையில் செய்த அறுவை, ஏற்கெனவே மறு பாதத்தில் வந்த சார்கோ ஆகியவையும் அபாயத்தைக் கூட்டுகின்றன.

அந்தப் பட்டியலில் இருப்பவர் வெறுங்காலோடு நடப்பதை வீட்டுக்குள்ளும் கைவிட வேண்டும். திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலோடு போக விரும்புபவர்களில் நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள். உணர்ச்சி உள்ள கால் கொப்புளம் வந்ததும் எச்சரிக்கும்; உணர்ச்சியற்ற கால் கொப்புளத்தின் மேலேயே மீதித் தூரத்தையும் நடந்து முடித்துவிடும். அத்தனை தூரம் நடக்கும் எண்ணம் இருந்தால் முன்பே மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, காலுறையும் பொருத்தமான காலணியும் போட்டுச் செல்வதே சரி.

பிசகிய கால் மூன்று நாளில் குறையாமல் வீங்கியே இருந்தால், வலி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டு ஒப்பிட்டாலே நாலு டிகிரி வித்தியாசம் தெரியும். தைலம் தேய்த்து உருவுவதும், இறுக்கிக் கட்டுவதும், ‘நடந்தால் சரியாகும்’ என்று நடப்பதும் இந்தப் பாதத்துக்கு ஆகாதவை. மருத்துவமனைக்குக்கூட ஆட்டோவிலோ காரிலோ போக வேண்டும். பேருந்துக்காக நிறுத்தத்தில் நிற்கக் கூடாது.

மருத்துவரிடம் காட்டும்போது இரண்டு பாதங்களையும் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டினால் வித்தியாசம் தெரியாது. சர்க்கரை நோய் எத்தனை வருடம், மதமதப்பு எத்தனை வருடம், வீக்கம் எந்த நாளில் தொடங்கியது என்று சொல்லிவிட்டு, ‘இது சார்கோவாக இருக்குமா?’ என்று கேட்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால், அடுத்த கேள்வி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்பது. அதற்கான விடை வரும்வரை அந்தக் கால் தரையில் ஊன்றக் கூடாத கால்.